செம்பனை விலை சரியும்போது இழப்பு யார் தலையில் விழுகிறது?

ஒரு நாடு வெளியே விற்கும் பொருட்களின் விலைக்கும், அது வெளியிலிருந்து வாங்கும் பொருட்களின் விலைக்கும் உள்ள விகிதமே வாணிப வீதம். ஏற்றுமதி விலைக் குறியீட்டை இறக்குமதி விலைக் குறியீட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் வாணிப வீதக் குறியீடு கிடைக்கும். ஒப்பிடுவதற்கென்று தேர்ந்துகொண்ட அடிப்படை ஆண்டில் அது 100 ஆக இருக்கும். அடுத்த ஆண்டு அது 90 ஆக இறங்கினால், முன்பு நூறு டன் ஏற்றுமதியைக் கொடுத்து வாங்கிய அதே இறக்குமதிக்கு இப்போது 111 டன் கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கொடுக்கும் அந்த 11 டன்னுக்கு உழைப்பும் நிலமும் உரமும் செலவாகும், ஆனால் அதற்கு ஈடாக நாட்டுக்குள் எதுவும் கூடுதலாக வருவதில்லை.

இதை வாணிப உபரியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உபரி என்பது ஏற்றுமதியின் மொத்தப் பணமதிப்பிலிருந்து இறக்குமதியின் மொத்தப் பணமதிப்பைக் கழித்தால் கிடைப்பது. ஏற்றுமதி விலை விழுந்து, கையில் காசில்லாமல் மக்கள் இறக்குமதிப் பொருட்களை வாங்குவதைக் குறைத்துக்கொண்டாலும் உபரி தோன்றும். அப்படித் தோன்றும் உபரி வறுமையின் அடையாளம். அதனால் நாடு விற்பதன் மதிப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அறிய உபரியைப் பார்த்துப் பயனில்லை. விலைகளின் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த விகிதம் ஒரு நாட்டை எப்படி ஆட்டிவைக்கும் என்பதைக் காண ஜொகூரின் மாசாய் வட்டாரம் நல்ல இடம். மாசாயை ஒட்டியுள்ள பாசிர் கூடாங்கில் 1977-இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. செம்பனை எண்ணெயைச் சேமித்துக் கப்பலேற்றும் உலகின் பெரிய முனையங்களில் அது ஒன்று. எண்ணெய்த் தொட்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் அதைச் சுற்றி எழுந்தன. ஜொகூரின் உட்பகுதித் தோட்டங்களில் வெட்டப்படும் குலை அங்கங்கே உள்ள மில்களில் கச்சா எண்ணெயாகி, டாங்கி லாரிகளில் இந்தப் பக்கம் வந்து, சுத்திகரிக்கப்பட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் பிற நாடுகளுக்கும் போகிறது. திரும்பி வரும் கப்பல்களில் உரமும் இயந்திரமும் கோதுமையும் இறங்குகின்றன. வாணிப வீதத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் இந்த வட்டாரத்தில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன.

மலேசியா அறிந்த மிகக் கடுமையான வாணிப வீதச் சரிவுகளில் ஒன்று 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தது. அன்று நாட்டின் ஏற்றுமதி வருமானம் பெரும்பாலும் கச்சா பெட்ரோலியம், செம்பனை எண்ணெய், ரப்பர், ஈயம், மரம் ஆகியவற்றை நம்பியிருந்தது. அவற்றில் பல ஏறக்குறைய ஒரே காலத்தில் விழுந்தன. ஈயத்தின் விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் முறிந்ததால், 1985 அக்டோபர் 24 அன்று லண்டனிலும் கோலாலம்பூரிலும் ஈய வணிகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது விலை பழைய நிலையில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. பெட்ரோலியம் 1986-இன் முதல் பாதியில் பீப்பாய் 10 டாலரை நெருங்கி இறங்கியது. செம்பனை எண்ணெய்க் கதை இவற்றிலும் தெளிவானது.

1984-இல் கச்சா செம்பனை எண்ணெயின் ஆண்டுச் சராசரி விலை டன்னுக்குச் சுமார் 1,400 ரிங்கிட். 1986-இல் அது சுமார் 580 ரிங்கிட். அதே இரண்டு ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தி சுமார் 3.7 மில்லியன் டன்னிலிருந்து 4.5 மில்லியன் டன்னாக உயர்ந்தது. உற்பத்தியின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனதால், இந்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்குமதிப் பொருட்களின் விலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், செம்பனைக்கு மட்டுமான வாணிப வீதம் 100-இலிருந்து 41 ஆகிறது. உற்பத்தி 22 விழுக்காடு கூடியதால் அந்த 41-ஐ 1.22-ஆல் பெருக்க, விடை ஏறக்குறைய 50. இந்த இரண்டாவது எண்ணுக்கு வருவாய் வாணிப வீதம் என்று பெயர். ஓர் ஏற்றுமதியால் மொத்தத்தில் எவ்வளவு இறக்குமதியை வாங்க முடியும் என்று அது காட்டுகிறது. ரிங்கிட்டில் சொன்னால், 1984-இன் உற்பத்தி ஏறக்குறைய 5.2 பில்லியன் பெறுமானம் உடையது, 1986-இன் உற்பத்தி ஏறக்குறைய 2.6 பில்லியன்தான். ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக விளைவித்த நாடு, அதைக் கொண்டு முன்பு வாங்கியதில் பாதியைத்தான் வாங்க முடிந்தது.

இந்த இழப்பு பொருளாதார வளர்ச்சி விகிதத்தில் சரியாகத் தெரியாது என்பதே இதில் மிகவும் கவனிக்கத்தக்க விஷயம். மெய்யான மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது விலை மாற்றத்தை நீக்கிவிட்டு அளவை மட்டும் எண்ணும் முறை. அந்தக் கணக்கில் 1985-இல் மலேசியப் பொருளாதாரம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு சுருங்கியது, 1986-இல் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் வளர்ந்தது. அதாவது 1986-இல் நாடு மீண்டுவிட்டது என்று அந்த எண் சொல்கிறது. ஆனால் நடப்பு விலையில் எண்ணினால், 1984-இல் ஏறக்குறைய 80 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த மொத்த உற்பத்தி 1986-இல் ஏறக்குறைய 72 பில்லியனாகக் குறைந்திருந்தது. மரத்தில் குலை காய்த்தது, மில் ஓடியது, கப்பல் நிரம்பியது, ஆகவே அளவுக் கணக்கு வளர்ச்சியைக் காட்டியது. வருமானம் மட்டும் வெளியே கசிந்துபோனது. வேலையில்லாதோர் விகிதம் 1986-இல் 8 விழுக்காட்டைத் தாண்டியது. இத்தகைய காலங்களில் வாணிப வீத மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மெய்யான உள்நாட்டு வருமானம் என்னும் எண்ணே மக்கள் பட்ட பாட்டுக்கு நெருக்கமாக நிற்கும். அதை ஆண்டுதோறும் வளர்ச்சி விகிதத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு.

விலை ஏன் விழுந்தது என்ற கேள்வி அடுத்தது, அதற்கான விடையைப் பொறுத்தே இழப்பின் தன்மையும் மாறுகிறது. 1983-இல் அமெரிக்காவில் வறட்சியால் சோயா விளைச்சல் குறைந்ததால் 1984-இல் எல்லாத் தாவர எண்ணெய்களின் விலையும் உச்சிக்குப் போயிருந்தது. பின்னர் சோயா மீண்டது. இன்னொரு பக்கம், 1970-களில் நட்ட செம்பனைகள் மலேசியா முழுவதும் முழுக் காய்ப்புக்கு வந்தன. உலகச் செம்பனை எண்ணெயில் பாதிக்கும் மேல் அன்று மலேசியாவே தந்தது. ஒரு பெரிய விற்பனையாளர் தன் சரக்கையே பெருக்கித் தன் விலையையே கீழே தள்ளும் நிலை இது. வளர்ச்சியே ஒரு நாட்டை ஏழையாக்கக்கூடும் என்ற இந்த வாதத்தை 1958-இல் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி கணித முறையில் நிறுவிக் காட்டினார். மலேசியாவின் நிலை அந்த எல்லைக்கு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சமையல் எண்ணெய்ச் சந்தையில் சோயா, சூரியகாந்தி, கடுகு எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பதால், செம்பனை விலையைச் செம்பனை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆயினும் சரிவின் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே பிறந்தது என்பது மறுக்க முடியாதது.

விலை குறைவதெல்லாம் நட்டம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரு டன் எண்ணெய் எடுக்க முன்பு பத்து ஆள் உழைப்பு தேவைப்பட்டு இப்போது ஐந்து போதுமென்றால், விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஓர் ஆளின் உழைப்புக்கு முன்பைவிட அதிக இறக்குமதி கிடைக்கும். குறியீடு இறங்கும், உழைப்பவரின் நிலை உயரும். 1950-இல் ராவுல் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் தனித்தனியே முன்வைத்த கவலை இந்த இடத்தில்தான் முளைக்கிறது. மூலப்பொருள் நாடுகளில் உற்பத்தித் திறன் உயர்ந்தால் அதன் பலன் விலைக் குறைவாக வாங்குபவருக்குப் போய்விடுகிறது என்றும், தொழில் நாடுகளில் திறன் உயர்ந்தால் அது கூலியாகவும் லாபமாகவும் அங்கேயே தங்கிவிடுகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். 1984 முதல் 1986 வரை செம்பனையில் நடந்தது திறன் உயர்வால் வந்த விலைக் குறைவு அல்ல. இரண்டே ஆண்டுகளில் விலை அறுபது விழுக்காடு சரியும் அளவுக்கு எந்தத் தோட்டத்திலும் செலவு குறையவில்லை.

நாட்டின் இழப்பு நாட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள அண்மைச் சரிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, குலை வெட்டும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கலாம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் கணக்குப்படி கச்சா எண்ணெயின் சராசரி விலை 2022-இல் டன்னுக்கு 5,087 ரிங்கிட், 2023-இல் 3,809 ரிங்கிட். சரிவு கால் பங்கு. ஒரு டன் குலையிலிருந்து ஏறக்குறைய 20 விழுக்காடு எண்ணெய் கிடைக்கும், அதாவது 200 கிலோ. குலை விலையும் இந்த எண்ணெய் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டே பேசப்படுகிறது. ஆகவே ஒரு டன் குலைக்குள் இருக்கும் எண்ணெயின் மதிப்பு 1,017 ரிங்கிட்டிலிருந்து 762 ரிங்கிட்டாகிறது. பருப்பின் மதிப்பு இதில் கூடும், மில்லின் செலவு கழியும், அவை இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பெல்டா குடியேற்றக்காரருக்கு வழக்கமாக வழங்கப்பட்ட பத்து ஏக்கர், அதாவது நான்கு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 16 டன் என்ற நாட்டுச் சராசரியை ஒட்டிய விளைச்சலில் ஆண்டுக்கு 64 டன் குலை வரும். டன்னுக்கு 255 ரிங்கிட் குறைந்தால் ஆண்டுக்கு 16,000 ரிங்கிட்டுக்கு மேல் போய்விடுகிறது. குலை வெட்டும் கூலி, லாரி வாடகை, உரம், களைக்கொல்லி ஆகியவை எண்ணெய் விலையோடு இறங்கி வருவதில்லை. அவற்றுக்கு டன்னுக்கு 450 ரிங்கிட் ஆகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், மிச்சம் 567-இலிருந்து 312 ஆகச் சுருங்குகிறது. விலை கால் பங்கு விழுந்தபோது மிச்சம் ஏறக்குறைய பாதியாகிறது. செலவெல்லாம் போக எஞ்சுவதை மட்டும் வருமானமாகப் பெறுபவர் மீதுதான் வாணிப வீதச் சரிவு பெரிதாக இறங்குகிறது என்பதற்கு இதுவே காரணம்.

பத்து ஏக்கர்காரருக்கென்று தனியாக ஒரு வாணிப வீதமும் உண்டு. நாட்டுக் குறியீட்டில் அது தெரியாது. அவர் விற்பது குலை, அவர் வாங்குவதில் மிக முக்கியமானது உரம். செம்பனைக்குத் தேவையான பொட்டாஷ் உரத்தை மலேசியா வெளிநாட்டிலிருந்தே கொண்டுவருகிறது. 2022-இல் ரஷ்யா, உக்ரேன் போரையும் பெலாருஸ் மீதான தடைகளையும் அடுத்து அதன் விலை பாய்ந்து ஏறியது. எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது உரமும் உச்சத்தில் இருந்தது. எண்ணெய் 2022 மார்ச்சில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டி, அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 3,500-க்கும் கீழே வந்தது. அதிக விலைக்கு வாங்கிய உரம் அப்போதும் பல கொட்டகைகளில் கிடந்தது. ஒரு மூட்டை உரம் வாங்க எத்தனை கிலோ குலை விற்க வேண்டும் என்ற கணக்கே அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையை முடிவு செய்கிறது.

விலை இறங்கியதும் முதலில் வெட்டப்படும் செலவு உரம்தான். அதன் விளைவு உடனே தெரிவதில்லை. செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணாகுமா பெண்ணாகுமா என்பது குலை அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மரம் பட்டினி கிடந்தால் ஆண் பூக்கள் கூடும், குலைகள் குறையும். ஆகவே இன்றைய விலைச் சரிவு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து விளைச்சல் சரிவாக வந்து சேரும். அப்போது விலை ஏறியிருந்தாலும் விற்கக் குலை இருக்காது. விலைக் குறியீடு மீண்டுவிட்டது என்று அறிக்கை வெளியாகும் ஆண்டிலும் சிறுதோட்டக்காரர் மீளாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து இழப்பவர் தோட்டத் தொழிலாளர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் 1950-களிலிருந்தே கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில், விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற படிக்கட்டு முறை இருந்தது. செம்பனைக்கும் விலையை ஒட்டிய ஊக்கத்தொகை பின்னர் வந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, லண்டனிலும் சிகாகோவிலும் ஏற்படும் விலை ஆட்டத்தைப் பால் வெட்டும் குடும்பத்தின் சமையலறை வரை கொண்டுவந்தது. சேமிப்பும் நிலமும் கடன் வாங்கும் வசதியும் உள்ளவர் தாங்க வேண்டிய ஆபத்து, அவை எதுவும் இல்லாதவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைத் தாங்கியவர்களில் தமிழர்களே அதிகம். குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வந்த பிறகுதான் இந்த இறக்கத்துக்குச் சட்டபூர்வமான ஒரு தரை கிடைத்தது. 2022 மே மாதம் முதல் மாதம் 1,500 ரிங்கிட், 2025-இல் 1,700 ரிங்கிட் என்று அந்தத் தரை உயர்ந்தது. இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். எடைக் கணக்கில் கிடைக்கும் கூடுதல் வருமானத்தை நம்பிக் கடன் வாங்கி வந்தவர்களுக்கு அந்தத் தரை போதுமானதல்ல.

அரசாங்கக் கருவூலமும் இழக்கிறது, ஆனால் அதன் இழப்பு ஒரு வகையில் தாங்கு தூண். கச்சா செம்பனை எண்ணெயின் ஏற்றுமதி வரி விலையைப் பொறுத்து அமைகிறது. டன் 2,250 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தால் வரி கிடையாது. அதற்கு மேல் 3 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது, 2024 நவம்பர் முதல் அதன் உச்சம் 10 விழுக்காடு. இது தவிர, தீபகற்பத்தில் விலை ஒரு வரம்பைத் தாண்டும்போது பெரிய தோட்டங்களிடம் எதிர்பாராத லாப வரியும் வசூலிக்கப்படுகிறது. விலை விழும்போது இந்த வரிகள் தாமாகவே சுருங்குவதால், விழுந்த ஒவ்வொரு ரிங்கிட்டிலும் ஒரு சிறு பகுதியைக் கருவூலம் ஏற்றுக்கொள்கிறது.

இதே வரி அமைப்பு பாசிர் கூடாங் சுத்திகரிப்பு ஆலைகளின் நிலையையும் தீர்மானிக்கிறது. கச்சா எண்ணெய்க்கு வரி உண்டு, சுத்திகரித்த எண்ணெய்க்கு இல்லை. இதனால் வெளிநாட்டு ஆலை கொடுக்கும் விலையைவிட வரி அளவுக்குக் குறைவாக உள்நாட்டு ஆலைக்குக் கச்சா எண்ணெய் கிடைக்கிறது. விலை உயர்ந்திருக்கும்போது வரியும் உயர்ந்திருப்பதால் இந்த ஆதாயம் பெரிது. விலை 2,250-க்குக் கீழே போனால் அது மறைந்துவிடும். மூலப்பொருள் மலிந்தால் ஆலைக்கு லாபம் என்ற பொதுவான எண்ணம் ஆகவே பாதிதான் சரி. ஆலையின் வருமானம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது, விலையின் உயரத்தில் இல்லை. விலை வேகமாக விழும்போது தொட்டியில் கிடக்கும் சரக்கே ஆபத்தாகிறது. 7,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஆயிரம் டன் எண்ணெய் 3,500-க்கு விற்கும் நிலை வந்தால் இழப்பு 3.5 மில்லியன் ரிங்கிட். கோலாலம்பூர் முன்பேரச் சந்தையில் ஓர் ஒப்பந்தம் 25 டன். நாற்பது ஒப்பந்தங்களை முன்கூட்டியே விற்று வைத்தவர் அந்த ஆயிரம் டன்னின் இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்திருப்பார். அந்தச் சந்தை 1980-இலிருந்து இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது நன்றாகப் பயன்படுகிறது. ஆண்டுக்கு 64 டன் குலை, அதாவது 13 டன்னுக்கும் குறைவான எண்ணெய் விளைவிக்கும் பத்து ஏக்கர்காரரிடம் ஓர் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய பாதி அளவுதான் இருக்கும்.

ஏற்றுமதி நாடு இழப்பது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். செம்பனையைப் பொறுத்தவரை அதன் பெரும்பகுதி போய்ச் சேரும் இடங்களில் இந்தியா முதன்மையானது. ஜொகூரின் இழப்பில் ஒரு பங்கு தமிழ்நாட்டின் லாபமாகிறது. ஆனால் அங்கேயும் அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் குடும்ப அட்டைக்குப் பாமாயில் வழங்கப்படுகிறது. லிட்டர் 25 ரூபாய் என்று விலையை அரசு நிலையாக வைத்திருப்பதால், உலக விலை இறங்கினாலும் ரேஷன் கடையில் வாங்குபவருக்கு ஒரு ரூபாயும் மிச்சமாவதில்லை. மிச்சமாவது மாநில அரசின் மானியச் செலவு. வெளிச் சந்தையில் எண்ணெய் வாங்கும் பலகாரக் கடைகளும், பிஸ்கட், சோப்பு ஆலைகளும் நேரடியாகப் பலன் பெறுகின்றன. அதே நேரத்தில் தமிழ்நாட்டின் நிலக்கடலை விவசாயி, மலிவான பாமாயிலோடு போட்டியிட வேண்டியிருப்பதால் இழப்பவர் வரிசையில் நிற்கிறார். இந்திய அரசு இறக்குமதி வரியை அடிக்கடி ஏற்றியும் இறக்கியும் வருவது இவர்களுக்கிடையே ஒரு சமநிலை தேடித்தான்.

மாசாயில் வாணிப வீதச் சரிவால் நன்மை பெறும் ஒரு கூட்டமும் இருக்கிறது. ஏற்றுமதி விலைகள் விழுந்தால் அந்நியச் செலாவணி வரத்து குறையும், ரிங்கிட் மதிப்பும் இறங்க முனையும். 2014-இன் நடுவில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய 2.60 ரிங்கிட் கிடைத்தது. பெட்ரோலிய விலை அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து சரிந்து 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போன காலத்தில் அது 3 ரிங்கிட்டைத் தாண்டியது, 2023 இறுதியில் ஏறக்குறைய 3.50-ஐ எட்டியது. இதற்கு அமெரிக்க வட்டி உயர்வு போன்ற வேறு காரணங்களும் உண்டு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து ரிங்கிட்டில் செலவழிக்கும் மாசாய்க் குடும்பத்துக்கு இது சம்பள உயர்வு. அதே தெருவில் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி, இறக்குமதி செய்த பால்மாவும் மருந்தும் வாங்கும் குடும்பத்துக்கு இது விலைவாசி உயர்வு. ஒரே வரிசை வீடுகளில் ஒரே குறியீட்டின் இரண்டு விளைவுகள் அருகருகே வாழ்கின்றன.

நாணய மதிப்பு இறங்குவதால் ஒரு மயக்கமும் உண்டாகிறது. செம்பனை எண்ணெயின் உலக விலை டாலரில் பேசப்படுவதால், ரிங்கிட் இறங்கினால் ரிங்கிட் விலை உயர்ந்ததுபோல் தெரியும். இறக்குமதி உரத்தின் ரிங்கிட் விலையும் அதே அளவில் உயரும். விகிதத்தின் மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. ஆகவே நாணயச் சரிவால் ஏற்றுமதி விலைக் குறியீடு உயர்ந்ததை வாணிப வீதம் உயர்ந்ததாக எடுத்துக்கொள்வது பிழை. ஆனால் நாட்டுக்குள் பங்கீடு மாறும், சம்பளம் ரிங்கிட்டில் நிற்பதால் விற்பவருக்குச் செலவு குறையும். 1986-க்குப் பிறகு மலேசியா மீண்டது ஓரளவு இந்த வழியில்தான். 1985 செப்டம்பர் பிளாசா உடன்பாட்டுக்குப் பின் யென் ஏறி ரிங்கிட் இறங்கியது. 1986-இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. ஜப்பானிய, தைவானியத் தொழிற்சாலைகள் பினாங்கையும் சிலாங்கூரையும் ஜொகூரையும் தேடி வந்தன. தோட்டத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகியதும் இந்தக் காலத்துக்குப் பின் வேகமெடுத்தன.

அந்த மாற்றத்தாலேயே குறியீட்டின் பொருளும் மாறிவிட்டது. இன்று மலேசிய ஏற்றுமதியில் மின், மின்னணுப் பொருட்கள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. அவற்றின் உறுப்புகளே இறக்குமதியிலும் பெரும்பங்கு. சில்லுகளின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசைவதால் விகிதம் அதிகம் நகர்வதில்லை. செம்பனை கால் பங்கு விழும் ஆண்டிலும் நாட்டுக் குறியீடு சிறிதே அசையும். இதைவிட நுட்பமான சிக்கலும் ஒன்று உண்டு. புள்ளிவிவரத் துறை கணக்கிடுவது பெரும்பாலும் அலகு மதிப்பு, அதாவது சுங்கப் பத்திரத்திலுள்ள மொத்த மதிப்பை எடையாலோ எண்ணிக்கையாலோ வகுத்த தொகை. கச்சா எண்ணெய்க்கு இது பொருந்தும், இந்த மாதத்து டன்னும் அடுத்த மாதத்து டன்னும் ஒன்றுதான். மின்னணுப் பொருளுக்குப் பொருந்தாது. விலை மாறாமல் உயர்ரகச் சரக்கின் பங்கு கூடினாலே அலகு மதிப்பு ஏறிவிடும். குறியீடு ஏறியதா, சரக்கு மாறியதா என்று அறிய, மொத்த எண்ணை விட்டுவிட்டுப் பொருள்வாரியான அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

பொருள்வாரியாகப் பார்த்தால் கொள்கையில் ஒரு குறையும் தென்படும். விலை ஏறும்போது வசூலிக்க வரி இருக்கிறது, விலை இறங்கும்போது திருப்பித் தர அதே அளவுக்கு உறுதியான ஏற்பாடு இல்லை. செம்பனை மரம் 25 வயதைத் தாண்டினால் விளைச்சல் தேயும், உயரம் கூடி வெட்டுக்கூலியும் ஏறும், மறுநடவு செய்தாக வேண்டும். புதுக் கன்று காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த மூன்று ஆண்டு வருமானத்தை இழக்கக் குறைந்த செலவு பிடிக்கும் காலம் விலை தாழ்ந்திருக்கும் காலமே. ஆனால் கையில் பணமில்லாத அந்த ஆண்டுகளில்தான் சிறுதோட்டக்காரர் மறுநடவைத் தள்ளிப் போடுகிறார், விலை ஏறிய ஆண்டில் குலையை இழக்க மனமின்றி மீண்டும் தள்ளிப் போடுகிறார். எதிர்பாராத லாப வரியில் ஒரு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கி, எண்ணெய் விலை ஒரு குறித்த அளவுக்குக் கீழே இறங்கிய ஆண்டுகளில் பத்து ஏக்கர்காரர்களின் மறுநடவுக்கும், கன்று காய்க்கும் வரையிலான குடும்பச் செலவுக்கும் மட்டும் அதைத் திறந்துவிடலாம். அளவு, வயது, விலை மூன்றும் செம்பனை எண்ணெய் வாரியத்தின் பதிவேடுகளில் இருப்பதால் யாருக்கு எப்போது தருவது என்று முடிவு செய்யப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை.